ணகரத்தின் கீழே ஒரு புள்ளி

என் சிநேகிதி நலமாக இருக்கிறாள் என்பதைச் சில வருடங்களாக நான் தெரிந்துகொண்டது ஓர் உசாத்துணைப் பட்டியலைப் பார்த்துத்தான். அவள் இருப்பது கடலுக்கு அப்பால், வருடத்தில் பாதி பனி கொட்டுகிற நாட்டில். நான் இருப்பது வட்டவளையில், வருடத்தில் முக்கால்வாசி மழை கொட்டுகிற மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில். நடுவே எங்கள் இருவருக்கும் பொதுவாக இணையத்தில் ஒரு பட்டியல் இருந்தது. தோட்டத்துப் பெண்களைப் பற்றி, தேயிலையைப் பற்றி, குடிபெயர்ந்து வந்தவர்களைப் பற்றி உலகத்தில் யார் எதை எழுதினாலும் அதன் ஆசிரியர் பெயர், தலைப்பு, வந்த சஞ்சிகை எல்லாவற்றையும் அதில் போட்டு வைப்போம். கம்பஸில் ஒரே அறையில் இருந்த காலத்தில் தொடங்கிய பழக்கம்.

எனக்கு மத்தியானம் என்றால் அவளுக்குக் காலை. நான் சோற்றுத் தட்டோடு கணினி முன்னால் உட்காரும் நேரத்தில், பட்டியலில் புதிதாக ஒன்று வந்து விழும். அவள் எழுந்துவிட்டாள், தேநீர் குடிக்கிறாள், எதையோ வாசிக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். ஆரம்பத்தில் எனக்குப் பிடிக்கும் என்று தோன்றுகிற கட்டுரைகளின் குறிப்பில் 'ஒனக்கு' என்று ஒரு வார்த்தை எழுதி வைப்பாள். பிறகு அந்த வார்த்தை நின்றது. மின்னஞ்சலும் தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று என்று சுருங்கியது. பெரிய இடத்துக்குப் போனவர்கள் அப்படித்தான் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். அம்மாவும் போன பிறகு வீட்டில் என்னோடு பேசுவதற்கு வானொலியைத் தவிர ஒன்றும் இல்லை. ஆனாலும் நானாக அவளைக் கூப்பிடவில்லை. எனக்கும் ரோசம் இருக்கிறதல்லவா.

நான் வேலை செய்வது ஹற்றனில் ஒரு சிறிய ஆய்வு நிறுவனத்தில். அறிக்கைகளுக்கு உசாத்துணை ஒழுங்கு செய்வதுதான் என் வேலை. பாதி நாள் அலுவலகம், பாதி நாள் வீடு. எங்கள் பொதுப் பட்டியலும் அலுவலகம் பணம் கட்டுகிற பழைய மென்பொருளில்தான் இருந்தது. அந்த மென்பொருளை மாத முடிவோடு நிறுத்துகிறோம், எல்லாரும் இலவசமான புதியதற்கு மாறுங்கள் என்று ஒரு நாள் உத்தரவு வந்தது. அவளுக்கு எழுதினேன். பதில் ஒரே வரி.

"சரி, மாத்து. பேருங்கள மட்டும் பாத்துக்கடி."

எனக்குச் சுர்ரென்று வந்தது. எட்டு வருடமாக இதே வேலை செய்கிறவளுக்கு இப்படி ஒரு புத்திமதி.

ஆனால் அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். எங்கள் பட்டியலில் தமிழ் நூல்களும் உரோம எழுத்தில்தான் இருந்தன. சஞ்சிகைகள் அப்படித்தான் கேட்கின்றன. உரோம எழுத்தில் இரண்டு சுழி ன, மூன்று சுழி ண, தந்நகரம் எல்லாம் ஒரே எழுத்தாகிவிடும். அதைப் பிரித்துக் காட்டத்தான் எழுத்தின் கீழே புள்ளி, கோடு, மேலே கோடு எல்லாம். அவளுடைய பெயரின் நடுவிலும் ஒரு மூன்று சுழி ண உண்டு. அந்தப் பெயரை அவளுடைய அப்பா, கந்தப்பளையில் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்தவர், ஆசைப்பட்டு வைத்தது. தோட்டத்து ஆபிஸில் கிளாக்கர் ஐயா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார். பிறப்புச் சான்றிதழில் ஏறிய அந்தப் பெயர் யாருடைய பெயராகவும் இல்லை. பள்ளிக்கூடம், அடையாள அட்டை, பட்டம், எல்லாவற்றிலும் அதே பிழை அவளுக்குப் பின்னால் நடந்து வந்தது. எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. லயத்து வீட்டு வரிசைக்கு நாலு பேர் தம் பெயரை வீட்டில் ஒன்றும் காகிதத்தில் ஒன்றுமாக வைத்திருப்பார்கள். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். அவள் சிரிக்கவில்லை. "நானா எழுதுறதுலயாவது எம்பேரு சரியா இருக்கணும்" என்று சொல்லி, கட்டுரைகளில் அந்த n எழுத்தின் கீழே புள்ளி வைத்தே எழுதினாள்.

இனி என் சாமர்த்தியத்தைச் சொல்கிறேன்.

பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு நேராக மாற்றியிருக்கலாம். அதற்கென்றே கோப்பு வகை இருக்கிறது. பத்து நிமிட வேலை. ஆனால் இத்தனை வருடத்தில் நாங்கள் இருவரும் ஒரே கட்டுரையை இரண்டு இரண்டு தடவை போட்டு வைத்திருந்தோம். எங்கள் அலுவலகத்தில் எதுவும் கட்டம் போட்ட விரிதாளில் ஒரு முறை குளித்துவிட்டுத்தான் வெளியே போகும். நானும் அப்படியே பழகியவள். பட்டியலை விரிதாளில் திறந்து, இரட்டைகளை நீக்கி, சுத்தமாக அவளிடம் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். பார்த்தாயா, எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறேன் என்று காட்ட ஆசை.

கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்தபோது பெயர்கள் எல்லாம் கோணல் மாணலாக வந்தன. அது எனக்குப் பழக்கம். யூனிகோடில் இருப்பதை விரிதாள் வேறு பழைய குறியாக்கம் என்று நினைத்து வாசிக்கிறது, அவ்வளவுதான். உள்ளே எழுத்துகள் பத்திரமாக இருக்கும். மூடிவிட்டு, இது யூனிகோடு என்று சொல்லித் திறந்தேன். புள்ளிகள் எல்லாம் வந்து உட்கார்ந்தன. மூன்று நாள் இருந்து இரட்டைகளை நீக்கினேன். அதே பெயரில் சேமித்தேன். சேமிக்கும்போது எந்த வகை என்று ஒரு நீளப் பட்டியல் காட்டும். அதில் காற்புள்ளியால் பிரித்த கோப்பு என்று இரண்டு இருக்கும். ஒன்றில் யூனிகோடு என்று போட்டிருக்கும், மற்றதில் இருக்காது, அது பழைய குறியாக்கத்தில் சேமிக்கும். நான் எதைத் தொட்டேன் என்று பார்க்கவே இல்லை. திரையில் எதுவும் மாறாது. மூடும் வரைக்கும் புள்ளிகள் அப்படியே இருக்கும். அதுதான் அதில் உள்ள கெடுதல்.

புதிய மென்பொருளில் ஏற்றினேன். நன்றாக வந்திருக்கிறதா என்று சோதித்தும் பார்த்தேன். சோதித்தது அங்கே இங்கே நாலு பெயர், எல்லாம் பிரெஞ்சுக்காரர்களும் ஜேர்மன்காரர்களும். அவர்களுடைய எழுத்துகள் அந்தப் பழைய குறியாக்கத்திலும் இருப்பவை. மேற்குறியும் இரட்டைப் புள்ளியும் சேதமில்லாமல் வந்திருந்தன. நிம்மதியாகப் பழைய பட்டியலை அழித்தேன், இரண்டு இடத்தில் இருந்தால் குழப்பம் என்று. கட்டுரைகளின் பிடிஎஃப் கோப்புகளை மட்டும் வேறாக ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்திருந்தேன். மாதம் முடிந்தது. அலுவலகக் கணக்கும் மூடப்பட்டது.

இரண்டு நாள் கழித்து அவளுடைய பெயரைத் தேடினேன். வரவில்லை. கீழே இறங்கிப் போய்ப் பார்த்தால், புள்ளி வைத்த எழுத்து இருந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி நின்றது. அவளுடைய பெயரில் மட்டுமில்லை. ண, ள, ழ, ற, ட என்று கீழே குறி வைத்த எல்லா எழுத்தும் கேள்விக்குறி. அந்தக் குறியாக்கத்தில் இல்லாத எழுத்துக்கு அது போடுகிற ஒரே அடையாளம் அது. கோணல் மாணலாக வந்திருந்தால் திருப்பிவிடலாம், உள்ளே எழுத்து இருக்கும். கேள்விக்குறிக்குள் ஒன்றும் இல்லை. எது ண, எது ள என்று சொல்ல எந்த மென்பொருளாலும் முடியாது. உண்மையிலேயே கேள்வியாக முடிகிற தலைப்புகள் வேறு அதற்குள் கலந்து கிடந்தன. முதல் கோப்பின் மேலேயே நான் சேமித்திருந்ததால் அதுவும் இல்லை.

அதே வாரம் அவளிடமிருந்து மின்னஞ்சல்.

"புது பட்டியலுக்கு அழைப்பு அனுப்பலியே? அடுத்த மாசம் எம்புத்தகம் அச்சுக்குப் போகுது. உசாத்துணை எல்லாம் அதுலருந்துதான் எடுக்கணும்."

அவளுடைய முதல் புத்தகம். நான் உள்ளதைச் சொல்லியிருக்க வேண்டும். "ஆபிஸ்ல வேல கூட. ரெண்டு மூணு வாரத்துல அனுப்புறேன்" என்று எழுதினேன். பேருங்கள மட்டும் பாத்துக்கடி என்றவளிடம், பெயரைத்தான் தொலைத்தேன் என்று எப்படிச் சொல்வது? இருக்கிற ஒரே நூலும் அறுந்துவிடும் என்று பயம். அவள் பட்டியலை விட்டுப் போய்விட்டால், மத்தியானங்களில் எனக்கு யார் இருக்கிறார்கள்?

ஒவ்வொரு பிடிஎஃப்பாகத் திறந்து, முதல் பக்கத்தில் ஆசிரியர் பெயரைப் பார்த்து, கையால் திருத்தத் தொடங்கினேன். கட்டுரையின் இலக்கத்தைக் கொடுத்து இணையத்தில் இருந்து விவரத்தை இழுக்கலாம்தான். இழுத்துப் பார்த்தால் பாதிக்குப் பாதி பதிப்பாளர்களே புள்ளி இல்லாமல் பதிந்து வைத்திருக்கிறார்கள். எனக்கு முன்னாலும் என்னைப் போல பலர் இருந்திருக்கிறார்கள். முதல் வாரம் பிடிஎஃப்பில் இருந்து பெயரை நகல் எடுத்து ஒட்டினேன். பார்வைக்குச் சரி. தேடினால் அகப்படவில்லை. எழுத்து ஒன்றாகவும் புள்ளி ஒன்றாகவும் இரண்டு துண்டாக வந்திருந்தது. நான் தேடியதோ புள்ளியோடு பிறந்த ஒற்றை எழுத்தை. கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு. அந்த வாரத்து வேலை முழுவதையும் மறுபடி செய்தேன். பிறகு தேவையான எழுத்துகளை எல்லாம் ஒரு சின்னக் கோப்பில் வரிசையாக வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன்.

மழை அடித்தால் வட்டவளையில் கரண்ட் போகும். போனால் பஸ் ஏறி ஹற்றனுக்குப் போய், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இணையமும் போட்டோப்பிரதியும் உள்ள கொமியூனிகேஷன் கடையில் உட்காருவேன். கடைக்கார முஸ்லிம் அண்ணன், நான் நானா என்று கூப்பிடுகிறவர், போட்டோப்பிரதி எடுத்துக்கொண்டே என் திரையை எட்டிப் பார்ப்பார்.

"என்ன தங்கச்சி, இன்னமும் புள்ளிதானா வெச்சிட்டு இருக்கீங்க?"

"ஆமா நானா. தொலச்சது நான்தானே."

"இந்தப் புள்ளி இல்லாட்டி ஆள் யாருன்னு வெளங்காதா?"

"வெளங்கும். ஆனா அது அவங்க பேரு இல்ல."

அவர் எடுத்த பிரதிகளைத் தட்டி அடுக்கினார். பிறகு, "எங்க வாப்பாட பேரையும் கடை லைசன்ஸ்ல பிழையாத்தான் போட்டிருக்கானுகள்" என்று சொல்லிவிட்டு எனக்கு ஒரு பிளேன்டீ சொன்னார். அந்த மூன்று வாரத்தில் வேலை விஷயம் தவிர்த்து ஒரு மனுஷரோடு நான் பேசியது அவ்வளவுதான். திரும்பும் வழியில் பஸ்ஸின் கண்ணாடியில் மழை வழிய, நான் ஏதோ பிழை செய்துவிட்டு ஒளிந்து திரிகிற ஆள் போல உட்கார்ந்திருப்பேன்.

ஒளிந்து திரிவது எனக்குப் பழக்கம் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதியது ஒரே ஒரு கட்டுரை. எட்டு வருடத்துக்கு முந்தியது. சஞ்சிகைக்கு அனுப்பியவள் என்ற முறையில் அச்சுக்கு முந்திய பிரதி எனக்குத்தான் வந்தது. எங்கள் எழுத்துருவில் இந்தப் புள்ளி எழுத்து இல்லை, வெறும் n போடலாமா, நாளைக்குள் சொல்லுங்கள் என்று சஞ்சிகை ஆசிரியர் கேட்டிருந்தார். அதே வாரம் எனக்கு இப்போதைய வேலைக்கு நேர்முகத் தேர்வு. கையில் ஒரு கட்டுரை இருந்தால் வேலை நிச்சயம். அவளிடம் கேட்டால் விடமாட்டாள், இதழ் தள்ளிப் போகும். போடலாம் என்று பதில் எழுதினேன். அவளிடம் சொல்லவில்லை. இதழ் வந்தபோது அவள், "வந்துருச்சுல்ல" என்று மட்டும் சொன்னாள். எனக்கு வேலை கிடைத்தது. அவள் வெளிநாடு போனாள். எங்கள் கட்டுரையைப் பட்டியலில் ஏற்றியது அவள்தான். தன் பெயரைப் புள்ளியோடு போட்டிருந்தாள். அச்சில் வந்ததை அவள் கவனிக்கவில்லை என்று நினைத்து நான் நிம்மதியாக இருந்துவிட்டேன். அந்தக் கட்டுரையை மறுபடி திறக்கவே இல்லை.

அதனால் அதைக் கடைசிக்கு விட்டேன். மற்ற எல்லாப் பெயரும் முடிந்தது. அவளுடைய பெயரை முதல் பக்கம் பார்த்தா திருத்த வேண்டும்? கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். ஆனால் மூன்று வாரப் பழக்கத்தில் கை தானாகப் போய்ப் பிடிஎஃப்பைத் திறந்துவிட்டது. முதல் பக்கம். என் பெயர். அதன் கீழே அவள் பெயர், புள்ளி இல்லாமல். அதன் ஓரத்தில் மஞ்சளாக ஒரு சின்னச் சதுரம். பிடிஎஃப்பின் மேலேயே ஒட்டி வைக்கிற குறிப்பு. கோப்போடு சேர்ந்தே இருப்பது, அதனால் என் சாமர்த்தியம் அதைத் தொடவில்லை. தொட்டதும் விரிந்தது.

"அச்சுல புள்ளி போயிருச்சு. இவ பாத்திருப்பா. பரவால்ல, நம்ம பட்டியல்லயாவது இருக்கட்டும்."

எழுதியது அவள், 'இவ' என்றது என்னை. தேதி, இதழ் வந்த அதே வாரம்.

அன்றைக்கு நான் அழுதேன். அவள் தன் பெயரைச் சரியாக வைத்துக்கொள்ள உலகத்தில் ஓர் இடம் வைத்திருந்தாள். அது எங்கள் பட்டியல். அங்கேயும் போய் நான் அதை அழித்திருக்கிறேன். முதல் தடவை தெரிந்தே, இரண்டாம் தடவை தெரியாமல்.

புள்ளியை வைத்தேன். பெயரைத் தேடிப் பார்த்தேன், வந்தது. பிறகு எல்லாவற்றையும் எழுதினேன். விரிதாள், கேள்விக்குறிகள், மூன்று வாரப் பொய், எட்டு வருடத்துக்கு முந்திய ஒரு வரிச் சம்மதம், அதனால் கிடைத்த வேலை. பெயர்களை எல்லாம் திருத்திவிட்டேன், ஆனாலும் அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் நீயும் ஒரு தடவை பார்த்துக்கொள், என்னை நம்பாதே என்று எழுதினேன். பட்டியலுக்கு அழைப்பையும் சேர்த்து அனுப்பினேன். அனுப்பிவிட்டு வானொலியைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

பின்னேரம் பதில் வந்தது.

"பேருங்க எல்லாத்தையும் பாத்தேன், சரியா இருக்கு. மத்தது எனக்கு அன்னைக்கே தெரியும். எடிட்டர்கிட்ட கேட்டேன், ஒங்க கூட்டாளி சரின்னு சொன்னாங்கன்னாரு. நீ கேட்டிருந்தா நானே சரின்னு சொல்லியிருப்பேன்டி. ஒனக்கு அந்த வேல எவ்ளோ முக்கியம்னு எனக்குத் தெரியாதா? நீயா வந்து சொல்லுவன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். எட்டு வருசம் ஆக்கிட்டியே."

அதை நான் எத்தனை தடவை வாசித்தேன் என்று தெரியாது. இந்த எட்டு வருடமும் நான் பனியைக் குறை சொன்னேன், பெரிய இடத்தைக் குறை சொன்னேன், அவளுடைய மனசைக் குறை சொன்னேன். 'ஒனக்கு' என்ற வார்த்தை நின்றது அவள் மாறிப் போனதால் இல்லை.

உடனே பேச வேண்டும் போல இருந்தது. தொலைபேசியை எடுத்த பிறகுதான் தெரிந்தது, என்னிடம் அவளுடைய எண் இல்லை. ஒரே அறையில் ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு படித்தவளின் எண் இல்லை. இருந்தது பழைய எண், இந்த நாட்டு எண். வெட்கத்தை விட்டு, "நம்பர் அனுப்புடி, கூப்பிடணும்" என்று எழுதினேன். அன்றைக்குப் பதில் வரவில்லை.

மறுநாள் மத்தியானம் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்தேன். பட்டியலில் புதிதாக எதுவும் விழவில்லை. ஆனால் எங்கள் கட்டுரையின் பதிவு மட்டும் சற்று முன்னால் மாற்றப்பட்டது என்று காட்டியது. திறந்தேன். அவள் பெயர் புள்ளியோடு அப்படியே இருந்தது. கீழே குறிப்பில் நாட்டுக் குறியீட்டோடு ஒரு தொலைபேசி எண் இருந்தது. அதற்கும் கீழே ஒரே ஒரு வார்த்தை: ஒனக்கு.